கொண்டை ஊசி வளைவில் நினைவுக்கு வந்த பதில்

போன வருடம் செப்டம்பரில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். பதப்படுத்தும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை. பறித்த பழம் வந்து இறங்குவதில் தொடங்கி, பல்பரில் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி, கொட்டையை உரித்துத் தரம் பிரிக்கும் க்யூரிங் ஒர்க்ஸுக்கு அனுப்பும்வரை அந்த ஒருவர் பொறுப்பு. அதற்கு முன் இரண்டு பருவம் நாகலூர் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்டில் இதே வேலையில் உதவியாளராக இருந்தவன் நான். அதனால் பயமில்லாமல்தான் போனேன்.

மேனேஜரும் எஸ்டேட்டை நடத்தும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் களத்தைச் சுற்றிக் காட்டினார்கள், பிறகு அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் பேசினோம். எல்லாம் நன்றாகவே போனது. மேனேஜர் மட்டும் ஒரு விஷயத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். "மழை நாள்ல, காய்ஞ்சிருச்சுன்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க தம்பி?"

இந்தக் கேள்வியின் கனம் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சேர்வராயன் மலையில் அராபிகா பழம் நவம்பர் வாக்கில் பறிப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான் வரும். தோல் நீக்கிக் கழுவிய கொட்டையை, அதன் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உறையோடு காயவைப்போம். பார்ச்மெண்ட் என்பது அதற்குத்தான் பெயர். ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி வரும்வரை அது காய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், வாடை அடிக்கும், க்யூரிங் ஒர்க்ஸில் விலையைக் குறைப்பார்கள் அல்லது மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பயந்து அளவுக்கு மேல் காயவிட்டால் எடை போகும், உரிக்கும்போது கொட்டை உடையும்.

நான் சொன்ன பதில்: பல்லில் கடித்துப் பார்ப்போம், ஒரே அளவுப் பெட்டியில் நிரப்பி எடை பார்ப்போம், இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம், கடைசியாக ஈரப்பத மீட்டரில் பார்ப்போம்.

"மீட்டர் காட்டுறது சரின்னு எப்படித் தெரியும்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்த்து வாங்கிடுவோம் சார்."

அவர் தலையை ஆட்டினார். அப்போது அந்த அம்மாவுக்குப் போன் வந்தது. அவர் பேசி முடித்ததும் பேச்சு சம்பளம், தங்கும் இடம் என்று போய்விட்டது. 12.30 மணிக்கு வெளியே வந்தேன்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்கியிருக்கும். ஒரு வளைவில் எதிரே லாரி வர, பஸ் ஓரமாக நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது, முந்தைய எஸ்டேட்டில் நான் எழுதி வைத்திருந்த நீல அட்டை நோட்டு திடீரென்று கண்முன் வந்தது. அந்த நோட்டில் மேனேஜர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இருந்தது. மீட்டர் தப்பாகக் காட்டியதைப் போன பருவத்தில் நானே கண்டுபிடித்திருந்தேன். அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எப்படி மறந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தச் சம்பவம் என் மனதில் ஒரு சங்கடமாகத்தான் பதிந்திருந்தது. ஒரு வாரம் எல்லோரும் பதறிய விஷயம் அது. நேர்காணலுக்குத் தயாராகும்போது 'நான் செய்த நல்ல காரியங்கள்' என்று பட்டியல் போட்டேன், அதில் அது வரவேயில்லை. இப்போது யாராவது நேர்காணலுக்குப் போனால், "உன் வேலையில் எது தப்பாகப் போனது, நீ அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ" என்று சொல்கிறேன். மறந்துபோகும் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். உடனே மேனேஜருக்குப் போன் செய்யலாமா என்று கை துடித்தது. செய்யவில்லை. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும். அதைவிட, என் தலையில் இருந்த எண் சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை. மீட்டருக்கும் உண்மைக்கும் 'ரெண்டு பாயிண்ட்' வித்தியாசம் என்று நினைவு. செல்போனில் ஒரு குறிப்பு திறந்து, கேட்ட கேள்வியை அவர் கேட்ட வார்த்தைகளிலேயே முதலில் எழுதிக்கொண்டேன். அதன் கீழே நான் சொன்ன பதில். அதற்கும் கீழே சொல்ல வேண்டியிருந்தது. இந்த வரிசை பிறகு ரொம்ப உதவியது. சாயங்காலத்துக்குள் கேள்வியின் வார்த்தைகள் மாறிப்போயிருக்கும், மேனேஜர் கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். வித்தியாசம் இரண்டு இல்லை, 1.6. நினைவை நம்பி எழுதியிருந்தால், வேலையில் சேர்ந்தபின் அதே நோட்டை அவர் கேட்கும் நாளில் நான் என்ன சொல்லியிருப்பேன்? விடுபட்டதைச் சேர்த்து எழுதும் கடிதத்தில் ஒரு எண் தவறானால், முன்பு பேசிய முக்கால் மணி நேரமும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். அதனால் எண்ணோ தேதியோ எழுத வேண்டுமென்றால் மூலத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மூலம் கையில் இல்லையென்றால் எண்ணை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதலாம்.

நோட்டில் இருந்தது இதுதான். மழைக்கு இடையே காயவைத்த ஒரு லாட். களத்தில் மீட்டர் 10.6 சதவீதம் என்றது. ஆனால் கையில் அள்ளினால் சலசலவென்ற சத்தம் வரவில்லை, கடித்தால் பல் லேசாகப் பதிந்தது. சந்தேகம் தீராமல் கொஞ்சம் எடுத்து, உறையைக் கையால் உரித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். உரித்த கொட்டை 10 கிராம். 105 டிகிரி ஓவனில் 16 மணி நேரம் வைத்து எடுத்தபோது 8.78 கிராம். போன எடை 1.22 கிராம், அதாவது ஈரம் 12.2 சதவீதம். மீட்டரை நம்பி மூட்டை கட்டியிருந்தால் ஈரத்தோடுதான் போயிருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எங்கள் மீட்டர், ஒரு கிண்ணத்தில் நிரப்பிய சரக்கின் வழியாக மின்சாரத் தன்மையை அளந்து, அதை ஈரமாக மாற்றிக் காட்டும் வகை. உரித்த கொட்டைக்கு ஒரு அமைப்பு, பார்ச்மெண்ட்டுக்கு வேறு அமைப்பு. யாரோ கொட்டை அமைப்பில் வைத்துவிட்டு, பார்ச்மெண்ட்டை அப்படியே போட்டு அளந்துகொண்டிருந்தோம். உறைக்கும் கொட்டைக்கும் நடுவே காற்று இருப்பதால், அதே கிண்ணத்தில் சரக்கு குறைவாகத்தான் பிடிக்கும், மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். அதன் பிறகு ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து உரித்து, கொட்டையாகவே அளந்தோம். அந்தப் பருவத்தில் மூன்று முறை ஓவனோடு ஒப்பிட்டேன். மூன்றிலும் 0.3-க்குள் வந்தது.

இதையெல்லாம் கண்டதும் ஆர்வத்தில் ஒரு நீண்ட மெயில் எழுதினேன். அதை என் அக்காவிடம் காட்டினேன். அக்கா சேலத்தில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் பத்து வருடமாக இருக்கிறாள். படித்து முடித்துவிட்டு, "இதுல எத்தனை விஷயம் சொல்லியிருக்க?" என்றாள். எண்ணிப் பார்த்தால் நான்கு. மீட்டர் விஷயம், மிளகு காயவைத்த அனுபவம், கணினியில் கணக்கு வைப்பது, இரு சக்கர வாகன உரிமம். மீட்டர் விஷயம் மூன்றாவது பத்தியில் கிடந்தது. அதற்கு முன் இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

"அவங்க கேட்டது எதைடா?"

"மீட்டரை."

"அப்ப மத்ததை எடுத்துடு. கேட்காததைச் சேர்த்தா, விட்டதைச் சொல்ற மாதிரி இருக்காது. இன்னொரு தடவை விண்ணப்பம் போடுற மாதிரி இருக்கும்."

மிளகை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறாத எஸ்டேட் அந்தப் பக்கம் அரிது, அது பயன்படும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேர்காணலில் மிளகு என்ற பேச்சே எழவில்லை. அது என் சுயவிவரத்தில் ஏற்கெனவே இருந்தது. அக்கா சொன்னது சரி. கேட்டார்களா, அதுவும் ஒரு தடவைக்கு மேல் கேட்டார்களா, என்னிடம் காட்டக்கூடிய ஆதாரம் இருக்கிறதா, நான்கைந்து வரியில் சொல்லி முடிக்க முடியுமா என்று பார்த்தால் மீட்டர் ஒன்றுதான் தேறியது.

கடைசியில் அனுப்பியதை அப்படியே தருகிறேன். நேர்காணல் முழுவதும் தமிழில் நடந்ததால் கடிதமும் தமிழில். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன்.

பொருள்: நேர்காணலுக்கு நன்றி, ஈரப்பத மீட்டர் பற்றி விடுபட்ட பதில்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

இன்று காலை எனக்காக நேரம் ஒதுக்கியதற்கும், களத்தை நேரில் காட்டியதற்கும் நன்றி. மழை நாளில் கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்குவதை நீங்கள் காட்டியதால், இங்குள்ள சிரமம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

மீட்டர் காட்டுவது சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். முக்கியமான ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சென்ற பருவத்தில் மீட்டர் 10.6 காட்டிய ஒரு லாட்டை உரித்து, 105 டிகிரி ஓவனில் 16 மணி நேரம் உலர்த்திப் பார்த்தபோது ஈரம் 12.2 சதவீதம் இருந்தது. கொட்டைக்கான அமைப்பில் பார்ச்மெண்ட்டைப் போட்டு அளந்ததே காரணம். அதன் பின் ஒவ்வொரு லாட்டிலும் சிறிது எடுத்துக் கையால் உரித்து, கொட்டையாக அளந்தோம். ஓவனோடு ஒப்பிட்ட மூன்று முறையும் வித்தியாசம் 0.3-க்குள் இருந்தது.

மூன்று லாட்டுகளில் மட்டும் பார்த்தது இது. உங்கள் மீட்டரிலும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாய்ப்புக் கிடைத்தால் பறிப்புக்கு முன்பே அதைச் சரிபார்க்க விரும்புகிறேன்.

நன்றியுடன்,

(கீழே என் பெயரும் செல்போன் எண்ணும்.)

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லவில்லை, நான் தடுமாறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பொருள் வரியில் வெறும் 'நன்றி' என்றுதான் முதலில் போட்டிருந்தேன். அப்படி வரும் மெயிலைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோரும் ஊகித்துவிடுவார்கள் என்றாள் அக்கா. நன்றியும் இருக்கட்டும், உள்ளே ஒரு பதில் இருக்கிறது என்பதும் தெரியட்டும் என்று மாற்றினோம். நேர்காணலுக்கு அழைத்து எஸ்டேட் அலுவலகம் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக அனுப்பினேன். அதில் மேனேஜர், அம்மா இருவரின் முகவரியும் ஏற்கெனவே இருந்தன. யாருக்கோ போய் யாரோ எடுத்துக்கொடுக்க வேண்டிய நிலை இல்லாமல் போனது. இருவருக்கும் தனித்தனியாக ஒரே வாசகத்தை அனுப்பலாமா என்றும் யோசித்தேன். ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டால் அச்சடித்தது போல இருக்கும். ஒரே கடிதம் போதும் என்று விட்டுவிட்டேன்.

நன்றியை ஒரு பத்தியில் முடித்தேன். அந்தக் கிழக்கு மூலை வரி எனக்கு முக்கியம். அவர்கள் காட்டியதை நான் கவனித்தேன் என்பதற்கு அது சாட்சி. வேறு எந்த எஸ்டேட்டுக்கும் அந்த வரியை அனுப்ப முடியாது. 'உங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் கனவு' என்ற வகை வரிகள் என் முதல் வரைவில் இருந்தன. அவை யாருக்கும் பொருந்தும், அதனால் எடுத்துவிட்டேன்.

'மன்னிக்கவும், பதற்றத்தில் மறந்துவிட்டேன்' என்பதையும் எடுத்தேன். 'சொல்ல விட்டுவிட்டேன்' என்பது போதும். பதற்றம் என்று எழுதினால், மழையில் பழம் தேங்கும் நாளிலும் இவர் இப்படித்தான் பதறுவாரோ என்று படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் நான் காலையில் என்ன பதில் சொன்னேன் என்பதை ஒரே வரியில் திரும்ப எழுதினேன். அதை எழுதாமல் புதிய பதிலை மட்டும் எழுதினால், காலையில் சொன்னதை மறைத்து வேறொன்றை வைப்பது போலிருக்கும். ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டும். நான் காலையில் சொன்னது பொய்யில்லை, பாதி பதில். தவறாகவே ஏதாவது சொல்லியிருந்தால், 'நான் சொன்னது தவறு, சரியானது இது' என்று நேராகவே எழுத வேண்டும். 'விடுபட்டது' என்ற வார்த்தைக்குள் தவறை ஒளித்து வைத்தால் பேசக் கேட்டவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று லாட்டில் மட்டும் பார்த்தது என்ற வரியை எழுதத் தயங்கினேன். நம் வேலையை நாமே குறைத்துச் சொல்வது போலத் தோன்றியது. அக்கா அதை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு முன் இருக்கும் எண்களை நம்ப வைப்பதே அந்த வரிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து இணைக்க ரொம்ப ஆசைப்பட்டேன். அந்தப் பக்கத்தில் பழைய எஸ்டேட்டின் லாட் எண்களும், மூட்டைக் கணக்கும், எந்த க்யூரிங் ஒர்க்ஸுக்குப் போனது என்பதும் இருந்தன. அவை என் சொத்து இல்லை. என் சரிபார்ப்பைச் சொல்ல அந்த விவரங்கள் தேவையும் இல்லை. நானே இந்த எஸ்டேட்டின் கணக்கை நாளைக்கு வேறொருவருக்கு அனுப்புவேனோ என்ற எண்ணத்தையும் அது கொடுத்துவிடும். படத்தை விட்டுவிட்டேன், பழைய எஸ்டேட்டின் பெயரையும் கடிதத்தில் எழுதவில்லை. நோட்டு பேச்சில் வந்தால் நேரில் அதன் முறையை விளக்கலாம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை 6.40-க்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் அனுப்பியிருந்தாலும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் மேனேஜர் பேச்சுவாக்கில், 'இன்னும் ரெண்டு பேரைப் பார்க்கணும், வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம்' என்று சொல்லியிருந்தார். அன்று செவ்வாய். முடிவு எடுத்தபின் வரும் பதில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் யாருக்கும் பயனில்லை. நேர்காணலில் கடைசியாக 'எப்போது முடிவு தெரியும் சார்?' என்று கேட்டுக்கொண்டு வருவது, இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது.

அனுப்பிய பிறகு மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. 'வந்ததா சார்?' என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பலாமா என்று தினமும் தோன்றியது. அனுப்பவில்லை. மெயில் திரும்பி வரவில்லை, அதனால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் எழுத அவர்களுக்குக் கடமையில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் போன் செய்தார். வணக்கம்கூட முழுதாகச் சொல்லவில்லை. "உரிச்சுப் பார்க்க ஒரு லாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். கையால் உரித்தால் மீட்டர் கிண்ணத்துக்குப் போதுமான அளவுக்கு இருபது நிமிடம் ஆகும், இரண்டு பேர் உட்கார்ந்தால் பத்து நிமிடம் என்றேன். "பறிப்பு உச்சத்துல இருக்கும்போது தினம் பத்து நிமிஷம் ரெண்டு ஆளுக்கு ஒதுக்க முடியுமா?" என்று அடுத்த கேள்வி. எல்லா நாளும் வேண்டாம், காய்ந்ததாக நினைத்து மூட்டை கட்டப்போகும் லாட்டில் மட்டும் பார்த்தால் போதும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு திங்கட்கிழமை மேலே வரச் சொன்னார்.

திங்கட்கிழமை போனபோது மேசையில் அவர்களுடைய மீட்டரும், போன பருவத்தில் மீந்த ஒரு டப்பா பார்ச்மெண்ட்டும் இருந்தன. பேச்சுக்கு முன்பே உரிக்க உட்கார்ந்தோம். அவர்களுடைய மீட்டர் சரியான அமைப்பில்தான் இருந்தது. பார்ச்மெண்ட்டை அதற்கான அமைப்பிலும், உரித்த கொட்டையை அதன் அமைப்பிலும் போட்டுப் பார்த்தோம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் காட்டியது. என் கடிதத்தில் 'உங்கள் மீட்டரிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தது எவ்வளவு நல்லது என்று அந்த நிமிடம் உணர்ந்தேன். 'உங்கள் மீட்டரில் தவறு இருக்கும்' என்று எழுதியிருந்தால் எப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்?

வேலை கிடைத்தது. கடிதத்தால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில மாதம் கழித்து மேனேஜரே ஒரு நாள் பேச்சில் சொன்னார்: பறிப்புக் காலத்தில் எஸ்டேட்டிலேயே தங்கச் சம்மதித்தது முக்கியக் காரணம், இன்னொருவரும் என்னளவுக்கு அனுபவம் உள்ளவர்தான், அவர் தினமும் சேலத்திலிருந்து வந்துபோவதாகச் சொன்னார். "உங்க மெயில் வந்தப்ப, உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பேச ஒரு விஷயம் கிடைச்சுது" என்றார். அவ்வளவுதான் ஒரு கடிதத்தால் செய்ய முடிந்தது. நேர்காணல் மோசமாகப் போயிருந்தால் இந்த மூன்று பத்தி அதைத் தூக்கி நிறுத்தியிருக்காது.

இதற்குப் பிறகு என் சித்தி மகள் ஒருத்தி என்னிடம் யோசனை கேட்டாள். சேலத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கர் வேலைக்கு நேர்காணல். எப்போது சேர முடியும் என்று கேட்டபோது 'உடனே' என்று சொல்லிவிட்டாள். இப்போதைய வேலையில் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. நன்றிக் கடிதத்தின் கடைசி வரியில் அதைச் சேர்த்துவிடலாமா என்றாள். வேண்டாம் என்றேன். என் மீட்டர் விஷயம் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தகவல். அவளுடையது, அவர்கள் போட்டு வைத்திருக்கும் திட்டத்தை மாற்றும் தகவல். அதை நன்றிக்கு நடுவே வைத்தால், கண்ணில் படாமல் போகட்டும் என்று வைத்தது போலாகும். அன்றே போன் செய்து, 'உடனே என்று சொன்னது என் தவறு, 30 நாள் ஆகும்' என்று சொல்லிவிட்டு, அதன்பின் பேசியதை உறுதிசெய்து இரண்டு வரி மெயில் அனுப்பச் சொன்னேன். அப்படியே செய்தாள். அவர்கள் தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

அரசு வேலை நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்த வழியைப் பின்பற்றவே வேண்டாம். அங்கே குழு உட்கார்ந்து அன்றே மதிப்பெண் போடும். பிறகு எழுதுவதைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. எந்த வகையில் தொடர்புகொண்டு ஆதரவு தேடினாலும் தகுதி நீக்கம் என்று பல அறிவிப்புகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். நல்லெண்ணத்தில் அனுப்பும் நன்றியும் அந்த விதிக்குள் சிக்கக்கூடும். அங்கே மறந்தது மறந்ததுதான். கிளம்புவதற்கு முன், எழுந்திருக்கும் நேரத்தில், 'முன்பு கேட்ட கேள்விக்கு ஒன்று சேர்க்கலாமா?' என்று அறைக்குள்ளேயே கேட்டுவிடுவது ஒன்றுதான் வழி.

அந்த நவம்பரில் முதல் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகவே நாள் போனது. ஒன்பதாம் நாள் கொஞ்சம் வெயில் வந்தது. அன்று மாலை மூட்டை கட்டலாம் என்று ஒரு லாட்டை ஒதுக்கி வைத்திருந்தோம். நான் மீட்டரை எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தபோது, களத்தின் திண்ணையில் மேனேஜர் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கொட்டையாக உரித்து ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் எனக்கும் ஒரு பிடி பார்ச்மெண்ட் எடுத்து வைத்திருந்தார்.